ஒளிப்படத்தைச் சித்திரக்கதைப் படமாக்கும் மூன்று வழிகள்: நடுநிழலை எங்கே வைப்பது?

ஓர் ஒளிப்படத்தைக் கோட்டோவியமாகவோ சித்திரக்கதையின் கட்டம் போலவோ மாற்ற நினைப்பவர், எந்த மென்பொருளைத் தேர்வது என்பதை விட முக்கியமான ஒரு முடிவை முதலில் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒளிப்படத்தில் முழு வெள்ளைக்கும் முழுக் கருப்புக்கும் நடுவே நூற்றுக்கணக்கான சாம்பல் படிகள் உள்ளன. மையால் வரைந்த படத்தில் அவை கிடையாது. ஆகவே அந்த நடுநிழல் முழுவதும் எங்காவது போயாக வேண்டும். பென்சில் ஓவிய முறை அதை அழித்துவிட்டுக் கோட்டை மட்டும் வைத்துக்கொள்கிறது. கார்ட்டூன் முறை அதைச் சில தட்டையான வண்ணப் பரப்புகளாகச் சுருக்குகிறது. ஹாஃப்டோன் முறை அதைப் புள்ளிகளாக மாற்றுகிறது. இந்த மூன்றில் எது பொருந்தும் என்பதைப் படத்தில் நிழல் எந்த இடத்தில், என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

ஒப்பிடுவதற்கு ஒரே படத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு ரயில் நிலைய நடைமேடை. இடப்பக்கத்திலிருந்து காலை வெயில் சாய்வாக விழுகிறது. கருநிறக் கோட்டு அணிந்த முதியவர் ஒருவர் இருக்கையில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கிறார். அவர் முகத்தில் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் இருக்கிறது. தலைக்கு மேலே கூரையின் அடிப்பகுதி இருண்டிருக்கிறது, பின்னால் இலையடர்ந்த மரங்கள் தெரிகின்றன. கேமராவிலிருந்து வந்த கோப்பு 4000×3000 பிக்சல்; இணையத்தில் காட்டப்போவது 1600×1200 பிக்சல்.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை, படத்தைக் காட்டப்போகும் அளவுக்குச் சுருக்குவதுதான். இந்த ஃபில்டர்கள் எல்லாம் பிக்சல் கணக்கில் இயங்குபவை என்பதால், 4000 பிக்சல் படத்தில் அழகாக விழுந்த கோடு, படத்தை 1600க்குச் சுருக்கியதும் மெலிந்து மங்கிப்போகும். முன்பே சுருக்குவதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. இலைகள், செய்தித்தாளின் எழுத்துகள், கேமரா சென்சாரின் இரைச்சல் ஆகிய நுண்விவரங்கள் அதிலேயே பெருமளவு கரைந்துவிடுவதால், ஃபில்டர் அவற்றையெல்லாம் கோடாக எடுத்துக்கொண்டு படத்தைக் குழப்புவது குறைகிறது.

பென்சில் ஓவிய முறை மூன்றிலும் எளியது. படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, அதன் நகல் லேயர் ஒன்றை எதிர்மறையாக்கி, அந்த நகலை Gaussian Blur கொண்டு மங்கலாக்கி, கலப்பு முறையை ஃபோட்டோஷாப்பில் Color Dodge என்றும் கிம்ப்பில் Dodge என்றும் வைத்தால் போதும். கட்டளை வரியில் செய்பவர்களுக்கு இமேஜ்மேஜிக்கில் ஒரே கட்டளை உண்டு:

```
magick platform.jpg -resize 1600x -colorspace Gray \
  \( +clone -negate -blur 0x5 \) \
  -compose ColorDodge -composite pencil.png
```

இதன் உள்ளே நடப்பது ஒரு வகுத்தல். ஒவ்வொரு பிக்சலின் ஒளியளவும் அதன் சுற்றுப்புறச் சராசரியால் வகுக்கப்படுகிறது. சுற்றுப்புறம் 160 ஆக இருக்கும் இடத்தில் ஒரு பிக்சல் 120 என்றால் விடை 0.75, அது சாம்பல் நிறக் கோடாகத் தெரியும். முதியவரின் கோட்டுக்கு நடுவிலோ பிக்சலும் 40, சராசரியும் 40. விடை 1, அதாவது முழு வெள்ளை. கருநிறக் கோட்டு வெள்ளைக் கோட்டாகிவிடுவதும், இருண்ட கூரை காகிதம் போல வெளுத்துவிடுவதும் இதனால்தான். இது ஃபில்டரின் பிழை அன்று. தட்டையான பரப்பு வெயிலில் இருந்தாலும் நிழலில் இருந்தாலும் இந்தக் கணக்குக்கு ஒன்றேதான். சாய்வெயில்தான் இந்தப் படத்தின் உயிர் என்று கருதுபவருக்கு, அந்த வெயில் இருந்த சுவடே இல்லாத படம் கையில் கிடைக்கும்.

அதே வகுத்தல் இன்னொரு தொல்லையையும் கொண்டுவருகிறது. வெளிச்சப் பகுதியில் சராசரி 204 இருக்க, இரைச்சலால் ஒரு பிக்சல் 200 ஆக விழுந்தால் விடை 0.98, கண்ணுக்குத் தெரியாது. நிழல் பகுதியில் சராசரி 24 இருக்க, அதே நான்கு எண் குறைந்து 20 ஆனால் விடை 0.83. அது தெளிவான அழுக்குப் புள்ளியாகத் தெரியும். கூரைப் பகுதி முழுவதும் மணல் தூவியது போல ஆனால் காரணம் இதுதான் என்று கொள்ளலாம். மங்கல் அளவை மாற்றி மாற்றிப் பார்ப்பதால் இது தீராது. கலப்பதற்கு முன்பே Levels கருவியில் வெளியீட்டின் கருப்பை 30 அளவுக்கு உயர்த்திவிட்டால், 20 ஏறக்குறைய 48 ஆகவும் 24 ஏறக்குறைய 51 ஆகவும் உயர்ந்து, விடை 0.94 ஆகி, அழுக்கு அடங்கிவிடும்.

மங்கல் அளவு கோட்டின் தன்மையைத் தீர்மானிக்கிறது. 1600 பிக்சல் படத்தில் 5 என்றால் கூர்மையான பென்சில் கோடு கிடைக்கும். 20 என்றால் விளிம்பை ஒட்டி அகலமான சாயல் படிந்து கரிக்கட்டி ஓவியத்தின் பக்கம் நகரும். மேகமூட்டமான ஒளியில் அண்மையிலிருந்து எடுத்த முகத்துக்கு, அதாவது ஆழ்ந்த நிழல் இல்லாமல் சுருக்கமும் முடியுமே அழகாக இருக்கும் படத்துக்கு, இந்த முறையை விடச் சிறந்தது எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நமது நடைமேடைப் படத்துக்கு இது ஒத்துவராது.

அடுத்தது கார்ட்டூன் முறை. கிம்ப்பில் `Filters > Artistic > Cartoon` என்பதை அழுத்தியவுடன் பலருக்கு ஏமாற்றமே வரும். சுற்றுப்புறத்தைக் காட்டிலும் இருண்ட இடங்களை அது மேலும் கருப்பாக்குகிறது. ஆனால் வண்ணங்களைத் தட்டையாக்குவதில்லை. அதனால் ஒளிப்படத்தின் மேல் கரி தடவியது போன்ற ஒன்றே கிடைக்கிறது. சித்திரக்கதையின் தோற்றத்துக்கு வண்ணத்தைத் தனியாகவும் கோட்டைத் தனியாகவும் செய்து, பிறகு கோட்டு லேயரை Multiply முறையில் மேலே வைக்க வேண்டும்.

வண்ணத்தைத் தட்டையாக்கும்போது, விளிம்பைக் காப்பாற்றியபடி உள்பரப்பை மட்டும் மங்கலாக்கும் ஃபில்டரை முதலில் பயன்படுத்த வேண்டும். கிம்ப்பில் Selective Gaussian Blur, ஃபோட்டோஷாப்பில் Surface Blur ஆகியவை அந்த வேலையைச் செய்கின்றன. அதன் பிறகே Posterize. வரிசையை மாற்றினால் ஒவ்வொரு வண்ணப் பட்டையின் ஓரமும் இரைச்சலால் அரித்தது போலக் கிழிந்து நிற்கும்.

Posterize கருவியில்தான் பெரும்பாலோர் இடறுகிறார்கள். அது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று சேனல்களையும் தனித்தனியே படிகளாக்குகிறது. 4 படிகள் என்று கொடுத்தால் ஒவ்வொரு சேனலுக்கும் 0, 85, 170, 255 என்ற நான்கு மதிப்புகளே மிஞ்சும். முதியவரின் கன்னத்தில் 200, 150, 120 என்ற தோல் நிறம் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் எண்ணும் அருகில் உள்ள படிக்குப் போனால் 170, 170, 85 ஆகும்; அது பாசிபடிந்த மஞ்சள். அதற்குப் பக்கத்தில் சற்றே வெளிச்சம் பட்ட 215, 165, 135 என்ற இடம் 255, 170, 170 ஆகிவிடும், அது இளஞ்சிவப்பு. ஒரே கன்னத்தில் பாசியும் ரோஜாவும் அடுத்தடுத்து நிற்கும். இதைத் தவிர்க்க, படிகளாக்குவதை ஒளியளவில் மட்டும் செய்ய வேண்டும். ஃபோட்டோஷாப்பில் Posterize சரிசெய்தல் லேயரின் கலப்பு முறையை Luminosity என்று வைப்பது போதும். கிம்ப்பில் நகல் லேயரைக் கருப்பு வெள்ளையாக்கி, Posterize செய்து, அதன் முறையை LCh Lightness என்று வைக்கலாம். தோலின் நிறம் மாறாமல் வெளிச்சம் மட்டும் படிப்படியாக இறங்கும்.

கோட்டுக்கு Difference of Gaussians என்ற ஃபில்டர் நம்பகமானது. கிம்ப்பில் அது `Filters > Edge-Detect` பட்டியலில் உள்ளது. ஒரே படத்தை இரண்டு வேறு அளவுகளில் மங்கலாக்கி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பது இதன் செயல்முறை. இரண்டு அளவுகளுக்கும் இடையிலான விகிதம் 1.6 அளவில் இருப்பது நெடுங்கால வழக்கம்; நமது படத்துக்கு 1.6, 1 என்ற அளவுகளில் தொடங்கலாம். கிடைப்பதை Invert செய்து, Levels மூலம் வெள்ளையை இறுக்கினால் மைக்கோடு போல வரும். இரண்டு எண்களின் இடத்தை மாற்றினால் கோடு விளிம்பின் மறுபக்கத்துக்குப் போகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பொருள்கள் ஒன்றிலிருந்து ஒன்று நிறத்தாலேயே பிரிந்து நிற்கும் காட்சிகளில் இந்த முறை மிக நன்றாக வேலை செய்கிறது. நமது படத்தில் முதியவரும் இருக்கையும் நன்றாகவே வருகிறார்கள். மரங்கள்தான் கெடுக்கின்றன. ஆயிரம் இலைகளும் ஆயிரம் பரப்புகளாகி, பார்வையை முதியவரிடமிருந்து பறித்துக்கொள்கின்றன. மரங்களை மட்டும் தேர்வு செய்து கூடுதலாக மங்கலாக்கிய பிறகே Posterize செய்ய வேண்டியிருக்கிறது. ஒரே அழுத்தில் முடியும் என்று விளம்பரப்படுத்தப்படும் எந்த ஃபில்டரும் இந்தத் தேர்வைச் செய்து தருவதில்லை.

மூன்றாவது ஹாஃப்டோன். இதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியிருப்பதற்குக் காரணம், ஒரே பெயரில் இரண்டு வேறு தோற்றங்கள் வழங்கிவருவதுதான். செய்தித்தாள் ஒளிப்படங்களில் புள்ளியின் அளவு இடத்துக்கு இடம் மாறும். நிழலில் பெருத்தும் வெளிச்சத்தில் சிறுத்தும் இருக்கும். பழைய சித்திரக்கதை அச்சிலோ ஒரு பரப்பு முழுவதும் ஒரே அளவுப் புள்ளிகள் சீராக நிற்கும். அந்தச் சீரான புள்ளிகள் 1879இல் பெஞ்சமின் டே என்பவர் உருவாக்கிய முறையிலிருந்து வந்தவை. ஒளிப்படத்தின் மீது நேரடியாக ஹாஃப்டோன் ஃபில்டரைப் போடுபவருக்குக் கிடைப்பது முதலாவது. அவர் மனத்தில் வைத்திருப்பது பெரும்பாலும் இரண்டாவது. என்ன செய்தும் சித்திரக்கதை போல வரவில்லை என்ற குறையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நேரடியாகப் போடுவதில் மற்றொரு தடையும் உள்ளது. ஃபோட்டோஷாப்பின் Color Halftone ஆனாலும் கிம்ப்பின் `Filters > Distorts > Newsprint` ஆனாலும், படத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஒரு புள்ளி வைக்கின்றன. 8×8 பிக்சல் கட்டத்தில் 64 பிக்சல்கள் உள்ளதால், ஒன்றுமில்லாததையும் சேர்த்து 65 சாயல்களைக் காட்ட முடியும். 4×4 கட்டத்தில் 17தான். சாயல் வேண்டுமானால் கட்டம் பெரிதாக வேண்டும். கட்டம் பெரிதானால் விவரம் போகும். நமது 1600 பிக்சல் படத்தில் முதியவரின் முகம் 72 பிக்சல் அகலம்தான். 8 பிக்சல் கட்டம் என்றால் முகத்தின் குறுக்கே ஒன்பது புள்ளிகள். ஒன்பது புள்ளிகளில் இரண்டு கண்ணையும் ஒரு மூக்கையும் வைக்க இயலாது. கட்டத்தை 4 பிக்சலாகக் குறைத்தால் முகம் ஓரளவு மீளும். ஆனால் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் சாம்பல் மூட்டமாகிவிடும். புள்ளி தெரியாவிட்டால் இந்த முறையைத் தேர்ந்ததற்கே பொருளில்லை.

ஆகவே புள்ளியை எங்கும் போடாமல், நடுநிழலுக்கு மட்டும் ஒதுக்குவதே இந்தப் படத்துக்கு உரிய வழி என்பது என் முடிவு. விளிம்பைக் காத்து மங்கலாக்கிய கருப்பு வெள்ளை நகலை மூன்று பட்டைகளாகப் பிரிக்கிறோம். 70க்குக் கீழே உள்ளவை முழுக் கருப்பு, 150க்கு மேலே உள்ளவை வெறும் வெள்ளை, இடைப்பட்டவை புள்ளி. கிம்ப்பின் Threshold கருவியில் கீழெல்லை, மேலெல்லை என இரண்டு குமிழ்கள் இருப்பதால், 70க்கும் 150க்கும் இடைப்பட்ட பகுதியை ஒரே முறையில் வெள்ளையாகப் பிரித்தெடுத்து லேயர் மாஸ்க்காக வைத்துக்கொள்ளலாம். பிறகு ஒரு புதிய லேயரை ஒரே சீரான இளஞ்சாம்பலால் நிரப்பி, அதன் மீது Newsprint ஃபில்டரை Circle வடிவில், Period 8, கோணம் 45 என்று போட வேண்டும். மூலப்பொருள் சீரான சாம்பல் என்பதால் விளைவதும் சீரான புள்ளிகளே. அந்த லேயருக்கு மேற்சொன்ன மாஸ்க்கை இட்டால், புள்ளிகள் நடுநிழலில் மட்டும் தங்கும். கருப்புப் பட்டையையும், முன்பு செய்த மைக்கோட்டையும் Multiply முறையில் மேலே வைத்தால் படம் நிறைவடைகிறது.

விளைவைப் பார்த்தால், கூரையும் கோட்டும் திடமான கருப்பாக நிற்கின்றன. முகத்தின் வெயில் பக்கம் வெறும் வெள்ளையிலும், நிழல் பக்கம் புள்ளியிலும் இருக்கிறது. கண்ணையும் மூக்கையும் கோடே தாங்குகிறது, புள்ளியிடம் அந்தப் பொறுப்பு இல்லை. சாய்வெயிலின் எல்லை தரையில் தெளிவாகத் தெரிகிறது. மரங்கள்கூட இம்முறையில் அடங்கிவிடுகின்றன, ஏனெனில் அவற்றின் பெரும்பகுதி நடுப்பட்டையில் விழுந்து ஒரே புள்ளிப் பரப்பாகிவிடுகிறது. எஞ்சும் கோடுகளை அழிப்பானால் தேய்த்துவிடலாம். 70, 150 என்ற எண்கள் இந்தப் படத்துக்கானவை. முகத்தின் நிழற்பாதி முழுவதும் கருப்பில் மூழ்கினால் கீழெல்லையைக் குறைக்க வேண்டும். வெயில் பட்ட கன்னத்திலும் புள்ளி ஏறினால் மேலெல்லையைக் குறைக்க வேண்டும். இந்த இரண்டு குமிழ்களையும் முகத்தைப் பார்த்தபடியே நகர்த்த வேண்டும், மற்ற பகுதிகள் அதற்கு ஏற்பத் தாமாகவே அமையட்டும்.

வண்ணத்தில் வேண்டும் என்றால், கார்ட்டூன் முறையில் செய்த தட்டை வண்ணத்தைக் கருப்புப் பட்டைக்கும் கோட்டுக்கும் அடியில் வைத்து, புள்ளிக்கு மட்டும் ஓர் ஒற்றை நிறத்தைக் கொடுப்பது போதுமானது. நான்கு நிற அச்சைப் போலவே சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு ஆகியவற்றைத் தனித்தனிக் கோணங்களில் புள்ளியாக்க விரும்புவோர் 15, 75, 0, 45 பாகை என்ற அச்சுத்துறை வழக்கத்தைப் பின்பற்றலாம். ஆனால் மைக்கோட்டு லேயரை அந்த ஃபில்டருக்குள் விடக்கூடாது. விட்டால் கோடும் புள்ளிகளாக உடைந்து, படம் முழுவதும் தளர்ந்துவிடும்.

இந்த முறைக்குரிய பெரும் ஆபத்து, எல்லாம் முடிந்த பிறகு வருகிறது. 1600 பிக்சல் படத்தை ஏதோ ஒரு தளம் 1080 பிக்சலாகச் சுருக்கினால், 8 பிக்சல் கட்டம் 5.4 பிக்சலாகிவிடும். அரைகுறைப் பிக்சலில் புள்ளி நிற்க முடியாததால், சில புள்ளிகள் பெருத்தும் சில சிறுத்தும் போய், பரப்பு முழுவதும் அலையலையான பட்டைகள் தோன்றும். மாயிரே எனப்படும் இந்தக் கோளாறு சில நேரம் கோப்பில் இருக்காது, நாம் பார்க்கும் விதத்தில் இருக்கும். மென்பொருளில் 66 விழுக்காட்டு ஜூமில் பார்த்தால் நல்ல படத்திலும் அலை தெரியும். எனவே 100 விழுக்காட்டில் பார்த்த பிறகே குறை சொல்ல வேண்டும். தளம் எந்த அளவில் காட்டும் என்பதைத் தெரிந்துகொண்டு, அந்த அளவிலேயே புள்ளியை இடுவதும், கோப்பை PNG ஆகச் சேமிப்பதும் பாதுகாப்பானவை. JPEG சுருக்கத்தில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் அழுக்கு வளையம் படியும். தளம் எந்த அளவில் காட்டும் என்பது நம் கையில் இல்லாத நிலையில், ஹாஃப்டோனைக் கைவிட்டுக் கார்ட்டூன் முறைக்குத் திரும்புவதே அறிவுடைமை. தட்டை வண்ணம் எந்த அளவுக்குச் சுருங்கினாலும் அலை எழுப்பாது.

அச்சுக்கு அனுப்பும்போது கணக்கு மாறுகிறது. அதே படத்தை ஏ5 தாளில் அகலவாட்டில் 210 மில்லிமீட்டருக்கு, அங்குலத்துக்கு 600 பிக்சல் என்ற அடர்த்தியில் அச்சிட ஏறக்குறைய 4960 பிக்சல் அகலம் வேண்டும். கேமராக் கோப்பிலிருந்து மறுபடியும் தொடங்கி, முதலிலேயே அந்த அளவுக்குப் பெரிதாக்கி, மங்கல் அளவுகள் அனைத்தையும் 3.1 மடங்காக்க வேண்டும், கோட்டுக்கான 1.6, 1 என்பவை 5, 3.1 ஆகும். புள்ளிக்கு இங்கே இரண்டு வழிகள் உண்டு. திரையில் கண்ட தடித்த புள்ளியே வேண்டுமானால் கட்டம் 25 பிக்சல். செய்தித்தாள் போன்ற நெருக்கமான புள்ளி போதுமானால் கட்டம் 10 பிக்சல், அதாவது அங்குலத்துக்கு 60 வரிசை; அப்போது முதியவரின் முகத்தின் குறுக்கே 22 புள்ளிகள் கிடைப்பதால், திரையில் கூடாது என்று விலக்கிய மாறும் புள்ளியை முகத்திலும் துணிந்து முயலலாம். எதைத் தேர்ந்தாலும் கோப்பை அனுப்பும் முன் சாம்பல் பிக்சல் ஒன்றுகூட இல்லாமல் Threshold மூலம் தூய கருப்பு வெள்ளையாக்கிவிட வேண்டும். புள்ளியின் ஓரத்தில் சாம்பல் எஞ்சியிருந்தால், அச்சு எந்திரம் அந்தச் சாம்பலைத் தன் சொந்தப் புள்ளிகளால் நிரப்பும். இரண்டு புள்ளித் திரைகளும் ஒன்றன்மேல் ஒன்று மோதி, திரையில் தவிர்த்த அதே அலை தாளில் வந்து நிற்கும்.